உஷார்! ஸ்டெப் தவறினால் உடனே கரண்ட்டைக் கூட்டாதீர்கள்!

உங்கள் 3டி பிரின்டரில் பாதிவரை ஒழுங்காக வளர்ந்த பொருள், திடீரென்று ஒரு லேயரிலிருந்து மேலே பக்கவாட்டில் தள்ளிப்போய் நிற்கிறதா? நான்கு பேரிடம் கேட்டால் மூன்று பேர் யோசிக்காமல் சொல்வார்கள்: "மோட்டார் ஸ்டெப் விடுது, கரண்ட் பத்தலை. டிரைவர்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி விடு." தயவுசெய்து திருகாதீர்கள். குறைந்தது, இதைப் படித்து முடிக்கும்வரை திருகாதீர்கள்.

கரண்ட் குறைவாக இருந்தால் ஸ்டெப் தவறும் என்பது உண்மை. ஆனால் கரண்ட் அதிகமானாலும் ஸ்டெப் தவறும். இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. அச்சான பொருளைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கரண்ட் கூடிப்போனதால் தவறுகிற மெஷினில் இன்னும் கூட்டினால், மறுநாள் இன்னும் மோசமாகத் தவறும். அதைப் பார்த்து மேலும் கூட்டுவார்கள். அந்த வழியில் போய் டிரைவர் கருகி, மோட்டார் தாங்கி வளைந்து, நல்ல மெஷின் மூலையில் கிடப்பதை நிறையவே பார்க்கிறேன். அதனால்தான் இந்த அவசரம்.

முதலில் குறைவான கரண்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிரின்டர்களில் பெரும்பாலும் இருப்பது நெமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார். ஒரு முழுச் சுற்றுக்கு 200 ஸ்டெப்; ஒரு ஸ்டெப் 1.8 டிகிரி. உள்ளே இரண்டு காயில்கள். டிரைவர் அந்த இரண்டிலும் மாறி மாறிக் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்து ஒரு காந்தப்புலத்தைச் சுழற்றுகிறது; காந்தம் பொதிந்த ரோட்டார் அதன் பின்னே போகிறது. சுமை ஏற ஏற ரோட்டார் கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கும் தூரம் ஒரு முழு ஸ்டெப்புக்குள் இருக்கும்வரை, தங்கத் தங்க இழுவிசை கூடிக்கொண்டே போய் ரோட்டாரைப் பிடித்து வைத்திருக்கும். அதைத் தாண்டினால் விசை குறைய ஆரம்பிக்கிறது. பிடி விட்டுப்போய், ரோட்டார் பின்னால் இருக்கும் அடுத்த சமநிலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த அதிகபட்ச இழுவிசை கரண்ட்டுக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் இருக்கும். கரண்ட்டைப் பாதியாக்கினால் பிடியும் பாதி.

இதில் பயங்கரம் என்னவென்றால், மெஷினுக்கு இது தெரியவே தெரியாது. சாதாரண பிரின்டரில் மோட்டார் எங்கே நிற்கிறது என்று திரும்பிச் சொல்லும் கருவி எதுவும் கிடையாது. நூறு ஸ்டெப் அனுப்பினேன், நூறும் நடந்திருக்கும் என்ற நம்பிக்கையில் போர்டு தொடர்ந்து வேலை செய்கிறது. ஒருமுறை தவறினால் அதற்குமேல் வரும் எல்லா லேயரும் தவறான இடத்தில்தான் விழும். எட்டு மணி நேர வேலை, அரைக் கிலோ ஃபிலமென்ட், எல்லாம் குப்பை.

ரோட்டார் பிடி விட்டால் எவ்வளவு தூரம் தவறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் பாதி நோயை ஸ்கேலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ரோட்டார் ஒரு ஸ்டெப், இரண்டு ஸ்டெப் என்று நழுவி நிற்பதில்லை. காயில் கரண்ட்டின் ஒரு முழுச் சுழற்சி நான்கு முழு ஸ்டெப்புக்குச் சமம். ஆகவே நழுவினால் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று நான்கின் மடங்கில்தான் போய் உட்காரும். எக்ஸ், ஒய் அச்சுகளில் வழக்கமாக இருப்பது 2 மில்லிமீட்டர் இடைவெளியில் பல் கொண்ட ஜிடி2 பெல்ட்டும் 20 பல் புல்லியும். ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகரும். 200 ஸ்டெப்புக்கு 40 என்றால், ஒரு ஸ்டெப்புக்கு 0.2, நான்கு ஸ்டெப்புக்கு 0.8 மில்லிமீட்டர்.

எனவே தள்ளிப்போன லேயரை வெர்னியரால் அளந்து பாருங்கள். 0.8, 1.6, 2.4 என்று 0.8-இன் மடங்காக வந்தால் மோட்டார்தான் ஸ்டெப் விட்டிருக்கிறது. 2, 6 என்று 2-இன் மடங்காக வந்தால், தளர்ந்த பெல்ட் புல்லியின் மேல் பல் தாண்டியிருக்கிறது. அதற்கும் கரண்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 4, 8 மில்லிமீட்டர் வந்தால் மட்டும் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. எந்த மடங்கிலும் சேராத ஓர் அளவு வந்தால், புல்லியை ஷாஃப்ட்டில் பிடிக்கும் சின்ன கிரப் ஸ்க்ரூ தளர்ந்து புல்லி வழுக்கியிருக்கலாம். இந்த ஒரு அளவை எடுக்காமல் கரண்ட்டில் கை வைப்பது, நோயைப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் வேலை.

இப்போது மறுபக்கம். கரண்ட்டைக் கூட்டினால் விசை நேர் விகிதத்தில்தான் கூடும். ஆனால் சூடு வர்க்கத்தில் கூடும். காயிலின் மின்தடை 1.5 ஓம் உள்ள, 1.7 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட ஒரு நெமா 17 மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச கரண்ட்டை 1 ஆம்பியரில் வைத்தால் காயில்களில் மொத்தம் 1.5 வாட் சூடு. 1.5 ஆம்பியருக்குக் கூட்டினால் விசை ஒன்றரை மடங்கு, சூடோ 3.4 வாட், அதாவது இரண்டேகால் மடங்கு. 2 ஆம்பியரில் விசை இரண்டு மடங்கு, சூடு 6 வாட், நான்கு மடங்கு. மோட்டார் ஓடினால்தான் சுடும் என்று நினைக்கவேண்டாம். ஒரே இடத்தில் பிடித்து நின்றாலும் காயில்களில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், சூடு அதேதான். அதுவும் செம்பு சூடாக ஆக மின்தடையும் ஏறும். 50 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் மின்தடை, அந்த அளவுக்குக் கூடுதல் சூடு.

மோட்டார் இந்தச் சூட்டை ஓரளவு தாங்கும். பி வகுப்பு இன்சுலேஷன் உள்ள மோட்டாரின் காயில் 130 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது. ஆனால் மோட்டாரைச் சுற்றி இருப்பவை தாங்காது. தானே கட்டிய மெஷின்களில் மோட்டாரைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் அச்சிட்ட பிளாஸ்டிக் துண்டு. அது பிஎல்ஏ என்றால் 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். பெல்ட் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், தாங்கி மெல்ல மெல்ல வளையும், பெல்ட் தளரும். பல் தாண்டினால் மறுபடியும் லேயர் தள்ளும். வேடிக்கை அல்ல, இது ஒரு சுற்று: சூடு, தளர்வு, தவறு, மறுபடியும் கரண்ட், மறுபடியும் சூடு.

மோட்டாரைவிட முதலில் விழுவது டிரைவர் சிப். ஏ4988 என்ற மலிவான, எங்கும் கிடைக்கிற டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் என்று விளம்பரம் இருக்கும். ஹீட் சிங்க்கும் காற்றும் இல்லாமல் அந்தச் சின்ன போர்டில் நம்பி ஓட்டக்கூடியது ஏறக்குறைய 1 ஆம்பியர். சிப்பின் உள்ளே வெப்பம் 165 டிகிரியைத் தொட்டால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை நிறுத்திவிடும். 15 டிகிரி இறங்கியதும் மறுபடியும் ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் மோட்டார் பிடியே இல்லாமல் கிடக்கும். போர்டு மட்டும் ஸ்டெப்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிப் திரும்ப விழிக்கும்போது பிரின்ட் எங்கோ போயிருக்கும், ஹெட் எங்கோ நிற்கும். இதுதான் அதிக கரண்ட்டால் வரும் ஸ்டெப் தவறல். மோட்டாருக்கு வலு போதாமல் வந்தது அல்ல. வலு கொடுக்கிறவன் மயங்கி விழுந்ததால் வந்தது.

அக்கம்பக்கத்தில் ஒரு தம்பி கட்டிய மெஷினில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். பிரூசா ஐ3 மாதிரியில் தானே சேர்த்துக் கட்டியது. மேலே சொன்ன அதே 1.7 ஆம்பியர் மோட்டார்கள், மலிவான ஏ4988 டிரைவர்கள், கண்ணாடி வைத்த கனமான பெட். அந்தப் பெட்டை முன்னும் பின்னும் இழுப்பது ஒய் மோட்டார். எங்கோ படித்துவிட்டு ஒய் டிரைவரின் வி-ரெஃப் மின்னழுத்தத்தை 0.4 வோல்ட்டில் வைத்தான். முதல் பிரின்ட்டிலேயே லேயர் 0.8 மில்லிமீட்டர் தள்ளியது, அடுத்ததில் 1.6. மோட்டாரைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

"கரண்ட் கம்மி அண்ணே, கூட்டிட்டேன்" என்று வந்து சொன்னான். சரியான முடிவுதான். ஆனால் எவ்வளவு கூட்டினான் என்று கேட்டபோதுதான் பகீர் என்றது: நேராக 1.2 வோல்ட். ஒரு மணி நேரம் அருமையாக ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரே தாவலில் 14.4 மில்லிமீட்டர் தள்ளிவிட்டது. 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாகப் பதினெட்டு. இன்னும் போதவில்லை என்று நினைத்து 1.4 வோல்ட்டுக்கு ஏற்றினான். இப்போது இருபது நிமிடத்திலேயே தள்ளியது. மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. பிஎல்ஏ தாங்கி கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருந்தது.

அவனுடைய டிரைவர் போர்டில் சிப்புக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கறுப்பு மின்தடைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். R100 என்று அச்சிட்டிருந்தது, அதாவது 0.1 ஓம். ஏ4988-க்கான கணக்கு இது:

```
I    = Vref / (8 × Rs)
Vref = 8 × Rs × I
```

0.4 வோல்ட்டில் அவனுக்குக் கிடைத்தது வெறும் 0.5 ஆம்பியர். அந்தக் கனமான பெட்டுக்கு அது போதாது. 1.2 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், 1.4 வோல்ட்டில் 1.75. ஹீட் சிங்க் ஒட்டியிருந்தான், ஆனால் போர்டு இருந்த மூடிய பெட்டியில் ஃபேன் இல்லை. அந்தக் கரண்ட்டை அந்தச் சிப்பால் அங்கே தாங்க முடியாது. வி-ரெஃப்பை 0.72 வோல்ட்டுக்கு இறக்கினோம், அதாவது 0.9 ஆம்பியர். டிரைவர்களின் மேல் காற்று படும்படி ஒரு ஃபேன் வைத்தோம். ஒய் அச்சின் முடுக்கத்தை 3000-லிருந்து 1000 ஆகக் குறைத்தோம். தாங்கியை பிஇடிஜியில் மறுபடி அச்சிட்டோம். அதற்குப் பிறகு அந்த மெஷின் ஸ்டெப் தவறவில்லை. முதலில் தவறியதற்கும் பிறகு தவறியதற்கும் காரணங்கள் நேர் எதிரானவை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காண்பது கடினமல்ல. கரண்ட் குறைவு என்றால் தவறு ஆரம்பத்திலேயே, மெஷின் குளிர்ந்திருக்கும்போதே வரும். வேகமாக வெற்று நகர்வு போகும்போதோ, சுருண்டு எழும்பிய பிளாஸ்டிக்கில் நாசில் முட்டும்போதோ வரும். தள்ளும் தூரம் சின்னதாக இருக்கும். கரண்ட் அதிகம் என்றால் முதலில் நன்றாக ஓடும், நேரம் போகப் போக வரும், வெயில் நேரத்தில் சீக்கிரம் வரும். தள்ளும் தூரம் பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். அந்த நொடியில் பக்கத்தில் இருந்தால் மோட்டாரின் மெல்லிய சீறல் நின்றுபோவதைக் கேட்கலாம்; அந்த அச்சைக் கையால் தள்ளினால் சுலபமாக நகரும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு டேபிள் ஃபேனை நேராகப் போர்டின் மேல் திருப்பிவிட்டு அதே பிரின்ட்டை ஓட்டுங்கள். தவறல் நின்றுவிட்டால் டிரைவர் சூடுதான் குற்றவாளி. திருப்புளியைக் கையில் எடுத்தால் கரண்ட்டைக் குறைக்கத்தான் எடுக்கவேண்டும்.

அந்தத் தம்பி 0.4 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தான்? 1 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியவர் சொன்னதும் பொய் அல்ல. அவருடைய போர்டில் R050, அதாவது 0.05 ஓம் இருந்திருக்கும். அதே கணக்கில் 0.4 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர் வரும். மிகப்பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அடுத்தவருடைய வி-ரெஃப் எண் உங்களுக்கு உதவாது. 0.8 வோல்ட் என்ற ஒரே எண், R100 உள்ள ஏ4988-இல் 1 ஆம்பியர். R068 உள்ளதில் ஏறக்குறைய 1.5, R050 உள்ளதில் 2 ஆம்பியர். டிஆர்வி 8825 டிரைவரில் 0.1 ஓம் வைத்து வரும் வழக்கமான போர்டில் அதே 0.8 வோல்ட்டுக்கு 1.6 ஆம்பியர். 0.11 ஓம் உள்ள டிஎம்சி 2209-இல் உச்சம் 0.8 ஆம்பியர்தான். டிரைவர் மாற்றியபோது பழைய எண்ணை அப்படியே வைத்தவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். யாராவது உங்களிடம் வி-ரெஃப் எண்ணைச் சொன்னால், எந்தச் சிப், எந்த மின்தடை என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

திருகுவதற்கு ஸ்க்ரூவே இல்லாமல், எண்ணாகவே கரண்ட்டைக் கொடுக்கும் புதிய போர்டுகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டிஎம்சி டிரைவர்களுக்கு மார்லினில் M906 கட்டளையிலும் கிளிப்பரில் run_current வரியிலும் கொடுப்பது உச்ச கரண்ட் அல்ல, ஆர்எம்எஸ் கரண்ட். உச்சம் அதைவிட 1.41 மடங்கு அதிகம். மேலே சொன்ன ஏ4988 கணக்கில் வருவதோ உச்சம். ஏ4988-இல் 1.2 ஆம்பியரில் நிம்மதியாக ஓடிய மோட்டார் என்று நினைத்து M906-இல் 1200 என்று போட்டால் உச்சம் 1.7 ஆம்பியர் ஆகிவிடும். சூடு இரண்டு மடங்கு. அதே மோட்டாருக்கு அதே உச்சம் வேண்டுமென்றால் கொடுக்கவேண்டியது 850.

```
M906 Y850
```

லேபிளில் 1.7 ஆம்பியர் என்று பார்த்துவிட்டு 1700 என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது உச்சம் 2.4 ஆம்பியர், காயில்களில் கிட்டத்தட்ட 8.7 வாட். மோட்டார் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைதான் அது. ஆனால் அந்த எல்லை, மோட்டார் அறை வெப்பத்துக்கு மேல் 80 டிகிரி வரை ஏறலாம் என்ற கணக்கில் போட்டது. உலோகத் தகட்டில் பொருத்தி, பக்கத்தில் பிளாஸ்டிக் எதுவும் இல்லாத தொழிற்சாலை மெஷினுக்கு அது சரி. பிஎல்ஏ தாங்கிக்குச் சரியே அல்ல. அந்தச் சின்ன டிரைவரும் அவ்வளவு தாங்காது.

இந்த டிரைவர்களில் ஒரு நல்ல வசதி, அவை வாய் திறந்து பேசும். சூடு ஏறினால் அணைவதற்கு முன்பே ஒரு முன்னெச்சரிக்கைக் குறியை உயர்த்தும். மார்லினில் M122 அடித்தால் ஒவ்வொரு டிரைவரின் நிலையும் வரும். கிளிப்பரில் இப்படி:

```
DUMP_TMC STEPPER=stepper_y
```

வரும் விடையில் otpw என்ற குறி 1 என்று எழுந்திருந்தால், சிப் சுடுகிறேன் என்று கத்துகிறது என்று பொருள். பிரின்ட் ஒழுங்காகத்தானே போகிறது என்று அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு மணி நேர பிரின்ட்டுக்குப் பிறகு, மெஷின் சூடாக இருக்கும்போதே இதைப் பார்க்கவேண்டும். காலையில் ஆன் செய்ததும் பார்த்தால் எந்த டிரைவரும் நலமாகத்தான் இருக்கும்.

இசட் அச்சைத் தனியாகச் சொல்லவேண்டும். இடம் வலம் இரண்டு மோட்டார்களையும் ஒரே டிரைவரில் பக்க இணைப்பாக மாட்டியிருக்கும் போர்டுகள் ஏராளம். டிரைவர் 1 ஆம்பியர் கொடுத்தால் ஒவ்வொரு மோட்டாருக்கும் போவது அரை ஆம்பியர். சோதிக்கிறேன் என்று ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டினால் முழு 1 ஆம்பியரும் மற்றதில் பாயும். தொடர் இணைப்பு என்றால் இரண்டிலும் அதே 1 ஆம்பியர் போகும். உங்கள் போர்டில் எது என்று பார்க்காமல் இசட் கரண்ட்டை முடிவு செய்யாதீர்கள். குறைந்துபோனால் ஒரு பக்க மோட்டார் மட்டும் தவறி, கேன்ட்ரி சாயும்.

எக்ஸ்ட்ரூடரில் வரும் 'டிக் டிக்' சத்தமும் பலரைத் தவறான திசையில் திருப்பிவிடுகிறது. அந்தச் சத்தம் மோட்டார் பின்வாங்கும் சத்தம்தான். ஆனால் ஏன் பின்வாங்குகிறது? நாசில் பெட்டுக்கு மிக அருகில் இருக்கலாம், பாதி அடைத்திருக்கலாம், உருகும் வேகத்தைவிட வேகமாகத் தள்ளச் சொல்லியிருக்கலாம். அங்கே கரண்ட்டைக் கூட்டினால் மோட்டார் ஜெயிக்கும். பல் சக்கரம் ஃபிலமென்ட்டைச் சுரண்டிப் பொடியாக்கும். அதைவிட மோசம், மோட்டார் சூடு ஷாஃப்ட் வழியாகப் பல் சக்கரத்துக்கு இறங்கி, பிஎல்ஏ ஃபிலமென்ட் உள்ளே போகும் முன்பே இளகி வளைந்து அடைத்துக்கொள்ளும். நாசிலைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்தும் அடைப்பு தீரவில்லை என்று புலம்புகிறவர்கள், ஒருமுறை எக்ஸ்ட்ரூடர் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள்.

சரி, எப்படித்தான் வைப்பது? லேபிளில் உள்ள கரண்ட்டின் ஏறக்குறைய 60 சதவீதத்தை உச்சமாக வைத்து ஆரம்பியுங்கள். 1.7 ஆம்பியர் மோட்டாருக்கு 1 ஆம்பியர். மெஷினை நன்றாகச் சூடேற விட்டு, நீங்கள் அச்சிடும் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிக வேகத்தில் ஒரு அச்சை முன்னும் பின்னும் ஓட்டுங்கள்.

```
G28
G1 X20 F3000
G1 X200 F12000
G1 X20 F12000
```

முதலில் X20-இல் நிற்கும்போது ஹெட் நிற்கும் இடத்தை ராடில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வரிகளைப் பலமுறை ஓட்டிவிட்டு, திரும்ப X20 வந்ததும் குறியைப் பாருங்கள். 0.8 மில்லிமீட்டர் விலகல் கண்ணுக்கே தெரியும். விலகினால் 0.1 ஆம்பியர் கூட்டி மறுபடி பாருங்கள். விலகாத அளவுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிடுங்கள். லேபிள் எண்ணின் 80 சதவீதம் வந்தும் தவறுகிறது என்றால் குற்றம் கரண்ட்டில் இல்லை. ராடு இறுக்கமாக இருக்கிறதா, பேரிங் பிடிக்கிறதா, முடுக்கம் அதிகமா என்று தேடுங்கள். மிக அதிக வேகத்தில் மட்டும் தவறுகிற மோட்டாருக்கும் கரண்ட் எண்ணைக் கூட்டிப் பயனில்லை. அந்த வேகத்தில் காயிலின் தூண்டலும் எதிர் மின்னழுத்தமும் சேர்ந்து கரண்ட்டை உள்ளே ஏறவே விடாது. 12 வோல்ட் சப்ளை 24 ஆனால்தான் அங்கே மாற்றம் தெரியும். அதுவும் போர்டு, ஹீட்டர், ஃபேன் எல்லாம் 24-க்கு ஏற்றவையாக இருந்தால் மட்டும்.

ஸ்க்ரூ உள்ள டிரைவரைத் திருகும்போது கை நடுங்கினால் டிரைவர் போய்விடும். மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டில் பிடித்து, சிவப்பு முனையால் அந்த ஸ்க்ரூவின் தலையைத் தொட்டு அளக்கவேண்டும். மின்சாரம் இருக்கும்போது உலோகத் திருப்புளி வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் அதோடு முடிந்தது. பீங்கான் திருப்புளி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்தி ஒரு துளி திருகி, மறுபடி போட்டு அளந்து பாருங்கள். பல போர்டுகளில் அந்த ஸ்க்ரூவுக்கு முடிவுத் தடை கிடையாது. உச்சத்தைத் தாண்டித் திருகினால் அடியில் போய் நிற்கும். அடியைத் தாண்டினால் உச்சத்தில். ஆகவே எத்தனை திருகு என்று கணக்கு வைக்காதீர்கள், மீட்டரை மட்டும் நம்புங்கள். இன்னொன்று, மெஷின் ஆனில் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. காயிலில் ஓடும் கரண்ட் துண்டிக்கப்படும்போது எழும் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும்.

வெளிநாட்டில் எழுதிய வழிகாட்டிகளைப் படித்து இங்கே மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவர்கள் அறை 20, 22 டிகிரி. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத நம் வீட்டு மாடி அறை 38, 40 டிகிரி. மோட்டாரும் டிரைவரும் ஏறுவது அறை வெப்பத்துக்கு மேல்தான். அங்கே 30 டிகிரி ஏறி 52-இல் நின்ற மோட்டார், இங்கே 70-இல் நிற்கும். பிஎல்ஏ தாங்கி அங்கே தப்பியது, இங்கே தப்பாது. ஏபிஎஸ் அச்சிடப் பெட்டி போட்டு மூடியிருந்தால் உள்ளே இருக்கும் மோட்டார்களுக்கு இன்னும் மோசம். மார்கழியில் வைத்த கரண்ட்டைச் சித்திரையில் ஒருமுறை சரிபாருங்கள்.

விரலை வைத்துச் சோதிப்பது உடனடி வழி, ஆனால் கவனமாக. மோட்டார் உடம்பில் விரல் வைத்துத் தாராளமாகப் பிடித்திருக்க முடிந்தால் ஏறக்குறைய 50 டிகிரிக்குள் இருக்கிறது. சில நொடியில் கையை எடுக்க வைத்தால் 60 பக்கம் போய்விட்டது. தொட்டதும் கை துள்ளினால் உடனே பிரின்ட்டை நிறுத்துங்கள். டிரைவர் ஹீட் சிங்க்கை விரலால் தொடவே தொடாதீர்கள். ஒட்டும் டேப்பில் நிற்கும் அது நகர்ந்து கால்களை ஷார்ட் செய்தால் போர்டே போகும்.

இன்று இரவு நீண்ட பிரின்ட் போடுவதாக இருந்தால், அதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: டிரைவர் போர்டில் மின்தடை மேல் எழுதிய எண், மல்டிமீட்டரில் வரும் வி-ரெஃப், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மோட்டாரின் சூடு. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த மெஷினைத் தனியாக விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.